டிம்சார்ட்: பைத்தானும் ஜாவாவும் வரிசைப்படுத்தும் விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

`sort()` என்று எழுதினால் உள்ளே ஓடுவது குயிக்சார்ட்தானே?

பைத்தானில் இல்லை. அங்கே `list.sort()`, `sorted()` இரண்டுக்கும் பின்னால் இருப்பது டிம்சார்ட். 2002-ல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காகவே எழுதியது, அவர் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது, 2.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. பிறகு ஜாவா 7 இதை எடுத்துக்கொண்டது. `Collections.sort`, ஆப்ஜெக்ட் அரேக்களுக்கான `Arrays.sort` இரண்டும் இதைத்தான் அழைக்கின்றன. 2018-ல் குரோம் 70 வந்தபோது ஜாவாஸ்கிரிப்டின் `Array.prototype.sort`-ம் அங்கே இதற்கு மாறியது.

அடிப்படையில் இது மெர்ஜ் சார்ட்தான். ஆனால் கல்லூரியில் படித்த மெர்ஜ் சார்ட் லிஸ்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாதி பாதியாக வெட்டும். டிம்சார்ட் வெட்டுவதற்கு முன் லிஸ்ட்டைப் படித்துப் பார்க்கும். எங்கெல்லாம் ஏற்கெனவே வரிசையாக இருக்கிறதோ அதை அப்படியே ஒரு துண்டாக எடுத்துக்கொள்ளும். துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தால் இன்செர்ஷன் சார்ட்டால் கொஞ்சம் வளர்த்துக்கொள்ளும். அப்புறம் துண்டுகளைச் சேர்க்கும்.

தேர்வு விடைத்தாள் அடுக்கிய அனுபவம் இருந்தால் இது உடனே புரியும். ஐந்து அறைகளிலிருந்து ஐந்து கட்டுகள் வருகின்றன, ஒவ்வொரு கட்டும் உள்ளே ரோல் நம்பர் வரிசையில் இருக்கிறது. எந்த ஆசிரியரும் ஐந்தையும் கலைத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடுக்க மாட்டார்.

ரன், ரன் என்கிறார்களே, அது என்ன?

கிரிக்கெட் ரன் இல்லை. அடுத்தடுத்து வரிசை தவறாமல் வரும் ஒரு நீளமான துண்டுக்குத்தான் ரன் என்று பெயர். இரண்டு வகை உண்டு: ஏறிக்கொண்டே போவது (சமமான மதிப்புகள் நடுவில் வரலாம்), கண்டிப்பாக இறங்கிக்கொண்டே போவது. இறங்கும் ரன் கிடைத்தால் அதை அங்கேயே தலைகீழாகத் திருப்பி ஏறும் ரன்னாக்கிவிடும்.

கையாலேயே ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். உண்மையில் குறைந்தபட்ச ரன் நீளம் இதைவிடப் பெரியது, பக்கத்தில் அடங்குவதற்காக 4 என்று வைத்துக்கொள்கிறேன்.

```
2 5 9 14 13 11 7 4 6 20 3 8 21 24 25 30
```

இடமிருந்து படிக்கிறோம். 2, 5, 9, 14 ஏறுகிறது, 13 வந்ததும் உடைகிறது. முதல் ரன் முடிந்தது, நீளம் 4. அடுத்து 13, 11, 7, 4 இறங்குகிறது, 6 வந்ததும் உடைகிறது. திருப்பிப் போட்டால் 4 7 11 13. மூன்றாவது 6, 20, அவ்வளவுதான், 3 வந்து உடைத்துவிட்டது. நீளம் 2 போதாது, ஆகவே அடுத்த இரண்டையும் (3, 8) இன்செர்ஷன் சார்ட்டால் உள்ளே செருகி 3 6 8 20 ஆக்குகிறோம். கடைசியாக 21 24 25 30 தானாகவே ஒரு ரன்.

இப்போது சேர்ப்பது. முதல் இரண்டு ரன்களும் சேர்ந்து 2 4 5 7 9 11 13 14 ஆகும். மூன்றாவதையும் நான்காவதையும் சேர்க்கப் போகும்போது ஒரு வேடிக்கை: சேர்ப்பதற்கு முன் டிம்சார்ட் எப்போதும் "இரண்டாவது ரன்னின் முதல் ஆள் முதல் ரன்னில் எங்கே உட்காருவார்?" என்று தேடும். இங்கே 21 உட்கார வேண்டிய இடம் 20-க்கும் அப்பால். அதாவது சேர்க்கவே ஒன்றும் இல்லை, ஒரு உறுப்புகூட நகராமல் வேலை முடிந்தது.

கடைசிச் சேர்க்கை, எட்டும் எட்டும். வலப்பக்கத்தின் முதல் ஆள் 3, அது இடப்பக்கத்தில் 2-க்குப் பிறகு வரும், ஆகவே 2-ஐத் தொட வேண்டாம். இடப்பக்கத்தின் கடைசி ஆள் 14, அது வலப்பக்கத்தில் 20-க்கு முன் வரும், ஆகவே 20 21 24 25 30 ஐந்தையும் தொட வேண்டாம். மிச்சம் இருப்பது 4 5 7 9 11 13 14 ஒரு பக்கம், 3 6 8 இன்னொரு பக்கம். தற்காலிகமாக வெளியே எடுத்து வைக்க வேண்டியது சின்னப் பக்கத்தின் மூன்றே மூன்று உறுப்புகள். கூடுதல் நினைவகம் எப்படிப் போனாலும் n/2-ஐத் தாண்டாது என்பதற்கும் இந்தச் சின்னப் பக்கத்தை மட்டும் நகலெடுக்கும் பழக்கம்தான் காரணம்.

இறங்கும் ரன்னில் மட்டும் சமமான மதிப்புகள் வரக்கூடாது என்று ஏன் இவ்வளவு கண்டிப்பு?

ஸ்டேபிளாக இருக்க வேண்டும் என்பதற்காக. சம மதிப்புள்ள இரண்டு பேர் உள்ளே எந்த வரிசையில் வந்தார்களோ அதே வரிசையில்தான் வெளியே போக வேண்டும். 80 மதிப்பெண் எடுத்த கவிதா, அவளுக்குப் பின்னால் அதே 80 எடுத்த செல்வி. இந்த இருவரும் ஓர் இறங்கும் ரன்னுக்குள் இருந்து, அந்த ரன்னை நாம் திருப்பிப் போட்டால் செல்வி முன்னால் வந்துவிடுவாள். அதனால் சமம் என்று கண்டதும் இறங்கும் ரன்னை அங்கேயே முடித்துவிடுவது அசல் வடிவமைப்பு.

இது வெறும் நேர்த்திக்காக இல்லை. முதலில் பெயர்ப்படி வரிசைப்படுத்தி, பிறகு மாவட்டப்படி வரிசைப்படுத்தினால், ஒவ்வொரு மாவட்டத்துக்குள்ளும் பெயர் வரிசை கலையாமல் இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல்கள் ஏராளம்.

இன்செர்ஷன் சார்ட் மெதுவானது என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள், அதைப் போய் ஏன் வைத்தார்கள்?

பெரிய லிஸ்ட்டுக்கு மெதுவானதுதான், n² அங்கே கடிக்கும். ஆனால் 30, 40 உறுப்புகளுக்கு அந்த n² ஒரு சின்ன எண். எல்லாம் அடுத்தடுத்த நினைவகத்தில் இருக்கிறது, பிராசஸரின் கேஷுக்குள் அடங்கிவிடுகிறது, ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் அழைப்பது கிடையாது, தற்காலிக அரே ஒதுக்க வேண்டியதில்லை. மெர்ஜ் சார்ட்டை ஒன்று, இரண்டு உறுப்பு வரை இறக்கிக்கொண்டு போனால், செய்யும் வேலையைவிட வேலைக்கு ஏற்பாடு செய்யும் செலவுதான் அதிகம்.

இன்னொரு விஷயம், இங்கே இருப்பது பைனரி இன்செர்ஷன் சார்ட். புது உறுப்பு எங்கே போகும் என்று பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்காமல், ஏற்கெனவே வரிசையான பகுதியில் பாதி பாதியாகத் தேடும். 64 உறுப்புக்குள் ஆறே ஒப்பீட்டில் இடம் தெரிந்துவிடும். மற்ற உறுப்புகளை ஒரு இடம் தள்ளுவது என்னவோ அதே அளவுதான், ஆனால் பைத்தானில் தள்ளுவது வெறும் பாயின்ட்டர்களை, அது மலிவு. ஒப்பீடுதான் விலை அதிகம், ஏனென்றால் ஒவ்வோர் ஒப்பீடும் உங்கள் `__lt__`-ஐ அழைக்கக்கூடும். டிம்சார்ட்டின் பாதி முடிவுகள் இந்த ஒரு கணக்கிலிருந்து வந்தவை: நகர்த்துவதைப் பற்றிக் கவலைப்படாதே, ஒப்பீட்டைக் குறை.

குறைந்தபட்ச ரன் நீளம் ஏன் ஒரே எண்ணாக இல்லாமல் லிஸ்ட்டுக்கு லிஸ்ட் மாறுகிறது?

சேர்க்கும்போது இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் நல்லது என்பதால். பைத்தானில் இந்த எண் 32-லிருந்து 64-க்குள் வரும், ஜாவாவில் 16-லிருந்து 32-க்குள். லிஸ்ட்டின் நீளமே 64-க்குக் குறைவு என்றால் பைத்தான் மெர்ஜ் பக்கமே போகாது, முழுக்க இன்செர்ஷன் சார்ட்தான்.

2112 உறுப்புகள், முழுக்கக் கலைந்த டேட்டா என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணை 32 என்று நிலையாக வைத்தால் 66 ரன்கள் வரும். அதில் 64 ரன்கள் அழகாக இரண்டிரண்டாகச் சேர்ந்து 2048 நீளமுள்ள ஒரே ரன்னாகும், மிச்சம் இரண்டு ரன்கள் 64 ஆகும். கடைசியில் 2048-ஐயும் 64-ஐயும் சேர்க்க வேண்டும், யானையையும் எலியையும் ஒரே ஏரில் பூட்டிய மாதிரி. அதுவே 33 என்று வைத்தால் 2112 ÷ 33 = 64, மீதியே இல்லை, கடைசிவரை சமமான சேர்க்கைகள். இந்த 33 எப்படி வருகிறது? 2112-ஐ 64-க்குக் கீழே வரும்வரை இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள், வழியில் எங்காவது மீதி வந்திருந்தால் கடைசியில் ஒன்று கூட்டுங்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

கேலப்பிங் என்பது எங்கே வருகிறது?

சேர்க்கும் கட்டத்தில். சாதாரணமாக இரண்டு ரன்களின் தலையையும் ஒப்பிட்டு, சின்னதை எடுத்து வைத்து, மறுபடி ஒப்பிட்டு என்று ஒவ்வொன்றாகப் போகும். ஆனால் ஒரே பக்கம் தொடர்ந்து ஏழு முறை ஜெயித்தால் டிம்சார்ட்டுக்குச் சந்தேகம் வந்துவிடும்: இந்தப் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் வரிசையாக ஜெயிக்கப் போகிறார்கள் போலிருக்கிறதே, எதற்கு ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும்? உடனே குதிரைப் பாய்ச்சலுக்கு மாறும். எதிர்ப்பக்கத்துத் தலையை இந்தப் பக்கத்தின் 1, 3, 7, 15, 31 என்று எட்டி எட்டி வைத்த இடங்களோடு ஒப்பிடும். தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும் கடைசி இரண்டு குதிகளுக்கு நடுவில் பைனரி தேடல்.

2000 உறுப்புகளைத் தாண்டிய பிறகுதான் சரியான இடம் என்றால், ஒவ்வொன்றாகப் போனால் 2000 ஒப்பீடு. பாய்ந்து போனால் 1023-வது இடம் போதாது, 2047 அதிகம் என்பது வரை ஒரு டஜன், பிறகு நடுவில் தேட இன்னொரு பத்து. மொத்தம் 22 அல்லது 23. அந்த 2000 உறுப்புகளும் ஒரே மொத்தமாக நகர்த்தப்படும்.

ஏன் ஆரம்பத்திலிருந்தே பாயக்கூடாது என்றால், கலைந்த டேட்டாவில் இது நஷ்டம். அடுத்த ஆளே சரியான இடமாக இருக்கும்போது குதித்துத் தேடினால் ஒப்பீடு கூடும். அதனால்தான் ஏழு என்ற வாசல். அந்த வாசலும் நிலையாக நிற்பதில்லை, பாய்ச்சல் பலன் தந்தால் ஏழு குறைந்துகொண்டே வரும், பலன் தராவிட்டால் கூடிக்கொண்டே போகும். டேட்டா எப்படிப்பட்டது என்று ஓடிக்கொண்டே கற்றுக்கொள்கிறது என்று சொல்லலாம். எனக்கு மொத்த அல்காரிதத்திலும் பிடித்த இடம் இதுதான்.

இதெல்லாம் சரி, உண்மையில் எவ்வளவு மிச்சம்? நானே அளந்து பார்க்க முடியுமா?

முடியும். நேரத்தை அளக்காதீர்கள், அது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும், ஒப்பீடுகளை எண்ணுங்கள்.

```python
from functools import cmp_to_key
import random

def count(lst):
    c = 0
    def cmp(a, b):
        nonlocal c
        c += 1
        return (a > b) - (a < b)
    sorted(lst, key=cmp_to_key(cmp))
    return c

n = 100_000
a = list(range(n))
print(count(a))
print(count(a[::-1]))
print(count(a + random.sample(range(n), 40)))
print(count(random.sample(a, n)))
```

முதல் இரண்டு வரிகளும் 99999 என்றே காட்டும். ஏற்கெனவே வரிசையில் இருந்தாலும் சரி, முழுக்கத் தலைகீழாக இருந்தாலும் சரி, ஒருமுறை படித்துப் பார்த்தவுடன் கதை முடிந்தது. n உறுப்புகள் வரிசையில் இருக்கின்றனவா என்று உறுதிசெய்யவே n−1 ஒப்பீடு வேண்டும், இதைவிடக் குறைக்க யாராலும் முடியாது.

நான்காவது வரி, முழுக்கக் கலைத்த லிஸ்ட், 15 லட்சத்தைத் தாண்டும். அதுவும் மோசமில்லை, ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் எந்த அல்காரிதத்துக்கும் சராசரியாக ஏறத்தாழ 15 லட்சத்து 17 ஆயிரம் தேவை என்பது கணித எல்லை, டிம்சார்ட் அதை ஒட்டியே போகிறது.

கவனிக்க வேண்டியது மூன்றாவது வரி. வரிசையான ஒரு லட்சம், கடைசியில் கண்டபடி போட்ட 40. எண்ணிக்கை 1,01,000-ஐ ஒட்டி வரும். ஒரு லட்சம் ஒப்பீடு முதல் ரன்னைப் படிக்கவே போய்விட்டது. அந்த 40-ஐத் தங்களுக்குள் வரிசைப்படுத்த நூற்றுச் சொச்சம். பிறகு சேர்க்கும்போது இரண்டு புது ஆட்களுக்கு நடுவில் சராசரியாக 2500 பழைய ஆட்கள் இருக்கிறார்கள், ஒவ்வோர் இடைவெளியையும் பாய்ந்து கடக்க இருபதுக்குக் கொஞ்சம் மேலே, நாற்பது தடவை என்றால் ஆயிரத்தை ஒட்டி வந்துவிடும்.

பொதுவாகச் சொன்னால், கிட்டத்தட்டச் சமமான r ரன்கள் இருந்தால் n × log₂ r அளவுதான் சேர்க்கும் செலவு. நான்கு கிளைகளிலிருந்து தேதி வரிசையில் வந்த நான்கு பட்டியல்களை ஒட்டி `sort()` போட்டால், படிக்க ஒரு n, சேர்க்க அதிகபட்சம் இரண்டு n. ஒரு லட்சம் பதிவுக்கு மூன்று லட்சம் ஒப்பீடு, பதினைந்து லட்சம் இல்லை.

அப்படியென்றால் புதுப் பதிவு வரும்போதெல்லாம் `append` செய்துவிட்டு `sort()` போட்டுக்கொண்டே இருக்கலாமா?

அந்தப் பொறியில் விழாதீர்கள். ஒவ்வொரு முறையும் லிஸ்ட் முழுவதையும் ஒருமுறை படித்தே ஆக வேண்டும். 40 பதிவுகளை ஒன்றொன்றாகச் சேர்த்து 40 முறை வரிசைப்படுத்தினால் 40 லட்சம் ஒப்பீடு, கலைந்த லிஸ்ட்டை ஒருமுறை வரிசைப்படுத்துவதைவிட மோசம்.

ஒவ்வொரு பதிவு வந்த உடனேயே லிஸ்ட் வரிசையில் இருந்தாக வேண்டும் என்றால் `bisect.insort` போடுங்கள், ஒரு பதிவுக்கு 17 ஒப்பீடுதான். மொத்தமாக வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் போதும் என்றால் `extend` செய்துவிட்டு ஒரே ஒரு `sort()`. இதற்காக மெர்ஜ் செய்யும் நிரலை நீங்களே பைத்தானில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். `sorted(a + b)` என்பது பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும், உள்ளே சியில் ஓடும் ஒரு நல்ல மெர்ஜ்தான்.

மற்ற லைப்ரரிகளிலும் இன்செர்ஷன், மெர்ஜ் கலவை இருக்கிறதே, எல்லாம் இப்படித்தான் வரிசையைப் பயன்படுத்திக்கொள்கின்றனவா?

கலவை என்பது வேறு, இருக்கிற வரிசையைப் பார்ப்பது வேறு. ஜிசிசியோடு வரும் சி++ லைப்ரரியின் `std::stable_sort` நல்ல உதாரணம். அதுவும் சின்னத் துண்டுகளை இன்செர்ஷன் சார்ட்டால் அடுக்கி, பிறகு மெர்ஜ் செய்கிறது, ஆனால் துண்டின் நீளம் நிலையாக ஏழு. டேட்டா எப்படி இருந்தாலும் ஏழு ஏழாக வெட்டும், பிறகு 14, 28, 56 என்று சேர்த்துக்கொண்டே போகும். முழுக்க வரிசையான லிஸ்ட்டைக் கொடுத்தாலும் அத்தனை சுற்றுகளும் நடக்கும். டிம்சார்ட்டின் லாபம் இன்செர்ஷன் சார்ட்டிலிருந்து வருவதில்லை, ரன்னைத் தேடுவதிலிருந்து வருகிறது. சின்னத் துண்டுக்கான இன்செர்ஷன் சார்ட் ரன் கிடைக்காத டேட்டாவுக்கான காப்பீடு மாதிரி.

ஜாவாவிலேயே `int[]` கொடுத்தால் டிம்சார்ட் ஓடாது, இரட்டை பிவட் குயிக்சார்ட் வகைதான் ஓடும். இரண்டு 7-களில் எது முன்னால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஆகவே ஸ்டேபிளாக இருக்க அவசியமில்லை. ஒப்பீடும் அங்கே மலிவு.

`Comparison method violates its general contract!` என்று ஜாவா கத்துகிறது. அதுவும் எப்போதாவதுதான். என்ன செய்வது?

தப்பு பெரும்பாலும் உங்கள் கம்பேரட்டரில்தான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே பிழை மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டும், மறுபடி ஓட்டினால் மறைந்துவிடும், சர்வரைக் குறை சொல்லிக்கொண்டே நாங்கள் நாலு மாதம் ஓட்டினோம். கடைசியில் பார்த்தால் இந்த மாதிரி ஒரு வரி:

```java
list.sort((x, y) -> x.marks > y.marks ? 1 : -1);
```

இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் என்றால் x சின்னது என்கிறது, திருப்பிக் கேட்டால் y சின்னது என்கிறது. `Integer.compare(x.marks, y.marks)` என்று மாற்றினால் தீர்ந்தது. `x.marks - y.marks` என்ற குறுக்குவழியும் ஆபத்துதான், 200 கோடியிலிருந்து −200 கோடியைக் கழித்தால் `int` நிரம்பி வழிந்து விடை எதிர்மறையாக வரும். மூன்றாவது காரணம், வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொரு த்ரெட் அந்த மதிப்புகளை மாற்றிக்கொண்டிருப்பது.

எப்போதாவது மட்டும் வருவதற்கும் விளக்கம் உண்டு. ஜாவா இதைத் தனியாகச் சோதிப்பதில்லை. சேர்ப்பதற்கு முன் செய்யும் தேடலில் "இந்த ரன்னின் கடைசி ஆள் எல்லோரையும்விடப் பெரியவர்" என்று தெரிந்துகொண்டு சேர்க்க ஆரம்பிக்கிறது. பாதியில் அந்த ரன் காலியாகிவிட்டால் அப்போதுதான் கம்பேரட்டர் பொய் சொல்லியிருக்கிறது என்று அதற்குத் தெரிகிறது. 32-க்குக் குறைவான லிஸ்ட்டில் சேர்க்கும் வேலையே இல்லாததால் இந்தப் பிழை வரவே வராது. அதனால்தான் சின்ன டெஸ்ட் டேட்டாவில் எல்லாம் பச்சையாக இருக்கும். `-Djava.util.Arrays.useLegacyMergeSort=true` கொடுத்துப் பழைய மெர்ஜ் சார்ட்டுக்குத் திரும்பினால் சத்தம் நிற்கும், தப்பான வரிசை அப்படியே இருக்கும்.

பைத்தானில் அப்படி எதுவும் பிழை வந்ததே இல்லையே?

வராது, பைத்தான் வாயே திறக்காது. அதுதான் இன்னும் மோசம் என்பது என் எண்ணம். இதைப் பாருங்கள்:

```python
>>> sorted([3, float('nan'), 1])
[3, nan, 1]
```

`nan`-ஐ எதோடு ஒப்பிட்டாலும் சின்னது இல்லை என்றுதான் பதில். டிம்சார்ட் ரன்னைத் தேடும்போது கேட்பது ஒரே கேள்வி: அடுத்தவர் முந்தையவரைவிடச் சின்னவரா? `nan` 3-ஐவிடச் சின்னதா, இல்லை. 1 `nan`-ஐவிடச் சின்னதா, இல்லை. இரண்டு முறையும் இறங்கவில்லை, ஆகவே மூன்றும் சேர்ந்து ஓர் ஏறும் ரன், வேலை முடிந்தது. 3-ஐயும் 1-ஐயும் அது நேருக்கு நேர் ஒப்பிடவே இல்லை. ஏற்கெனவே இருக்கும் வரிசையை நம்பும் அல்காரிதம் பொய்யான வரிசையையும் நம்பும். ஃப்ளோட் பட்டியல் என்றால் `nan`-களை முன்கூட்டியே பிரித்தெடுத்துவிடுவது நல்லது.

டிம்சார்ட்டிலேயே ஒரு பக் இருந்ததாமே, உண்மையா?

உண்மை. 2015-ல் ஸ்டைன் டி கௌவும் அவரோடு சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் ஜாவாவின் டிம்சார்ட் சரிதான் என்று கீ என்ற கருவியை வைத்து நிரூபிக்கப் போனார்கள், நிரூபணம் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது, தோண்டினால் பக்.

அதைப் புரிந்துகொள்ள ரன்களை எந்த ஒழுங்கில் சேர்க்கிறது என்று தெரிய வேண்டும். கிடைத்த ரன்களின் நீளங்களை ஒரு ஸ்டாக்கில் அடுக்கிக்கொண்டு வரும். மேலே உள்ள மூன்று A, B, C என்றால் (C கடைசியாக வந்தது) இரண்டு நிபந்தனை: A > B + C, B > C. உடைந்தால் சேர்க்கும். ஸ்டேபிளாக இருக்க வேண்டுமானால் பக்கத்துப் பக்கத்து ரன்களைத்தான் சேர்க்க முடியும், ஆகவே B-ஐ A, C இரண்டில் சின்னதோடு சேர்க்கும். நிபந்தனை எப்போதும் நிற்கிறது என்றால் நீளங்கள் பிபோனச்சி வேகத்தில் வளர வேண்டும், அப்படியானால் ஸ்டாக் குட்டியாக இருந்தாலே போதும் என்று கணக்குப் போட்டு அதன் அளவை நிர்ணயித்திருந்தார்கள்.

இப்போது ஸ்டாக்கில் 120, 80, 25, 20 இருக்கிறது, புதிதாக 30 வருகிறது. மேல் மூன்று 25, 20, 30. நிபந்தனை உடைந்தது, 25, 30 இரண்டில் 25 சின்னது, ஆகவே 25-ம் 20-ம் சேர்ந்து 45. ஸ்டாக் இப்போது 120, 80, 45, 30. மேல் மூன்றைச் சோதித்தால் 80 > 75, 45 > 30, சரி, நிறுத்திவிடலாம் என்கிறது. ஆனால் ஒரு படி கீழே பாருங்கள், 80 + 45 = 125, அது 120-ஐவிடப் பெரியது. அங்கே நிபந்தனை உடைந்து கிடக்கிறது, யாரும் பார்க்கவில்லை. இப்படிச் சில இடங்களில் உடைய விட்டால் ஸ்டாக் கணக்கிட்டதைவிட நீண்டுவிடும், ஜாவாவில் அரே எல்லையைத் தாண்டி `ArrayIndexOutOfBoundsException` வரும்.

இதற்குக் கோடிக்கணக்கான உறுப்புகளை வேண்டுமென்றே அடுக்கிக் கொடுக்க வேண்டும், அவர்கள் காட்டிய உதாரணத்தில் 6,71,08,864. பைத்தானின் ஸ்டாக் தாராளமாக இருந்ததால் அங்கே நடைமுறையில் வெடிக்க வழியில்லை, ஆனாலும் பைத்தான்காரர்கள் ஒரு படி கீழேயும் சோதிக்கும்படி திருத்திவிட்டார்கள். ஜாவா முதலில் ஸ்டாக்கின் நீளத்தை மட்டும் கூட்டிவிட்டு நகர்ந்தது, 2018-ல் இன்னொரு குழு அந்த நீளமும் போதாது என்று காட்டியது.

இப்போதைய பைத்தானிலும் அதே விதிதானா?

இல்லை, 3.11-லிருந்து அந்தச் சேர்க்கும் விதி மட்டும் மாறிவிட்டது. 2018-ல் இயன் மன்ரோ, செபாஸ்டியன் வில்ட் இருவரும் முன்வைத்த பவர்சார்ட் விதி இப்போது அங்கே இருக்கிறது. பழைய விதி ரன்களின் நீளத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்ததால், சில நீள வரிசைகளில் யானை-எலிச் சேர்க்கைகளைத் தவிர்க்க முடியவில்லை. பவர்சார்ட் வேறொன்றைப் பார்க்கிறது: இரண்டு ரன்கள் சந்திக்கும் எல்லை முழு லிஸ்ட்டில் எந்த இடத்தில் விழுகிறது? லிஸ்ட்டை மனதில் பாதியாக, கால்வாசியாக, அரைக்காலாக வெட்டிக்கொண்டே போனால் அந்த எல்லை எத்தனையாவது வெட்டுக்குப் பக்கத்தில் வருகிறது என்பதுதான் அதன் பவர். ஆழமான வெட்டுக்குரிய எல்லைகள் முதலில் சேரும், நடுவெட்டுக்குப் பக்கத்தில் உள்ளது கடைசியில் சேரும். ஸ்டாக்கில் நிற்கும் எல்லைகளின் பவர் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் என்பதால், அதன் உயரத்துக்கு லிஸ்ட்டின் நீளத்தை வைத்தே எளிதாக ஓர் எல்லை சொல்லிவிடலாம், பிபோனச்சியை நம்பிக் கணக்குப் போட வேண்டியதில்லை. ரன் தேடுவது, பைனரி இன்செர்ஷன், பாய்ச்சல் மூன்றும் டிம் பீட்டர்ஸ் எழுதிய வடிவை ஒட்டியே தொடர்கின்றன, மேலே கொடுத்த `count` நிரலின் முதல் இரண்டு வரிகளும் பழைய பைத்தானிலும் புதியதிலும் அதே 99999-ஐத்தான் காட்டும்.